காசை மறைத்தது கையா, கத்தரியா?

மேஜிக் கற்றுத்தரும் வீடியோக்களுக்கு இப்போது ஓர் அமைப்பு படிந்துவிட்டது. முதலில் வித்தை முழு வேகத்தில் நடக்கும். கையிலிருந்த காசு காணாமல் போய், கவிழ்த்து வைத்த டம்ளருக்கு அடியில் கிடைக்கும். உடனே செய்பவர் கேமராவைப் பார்த்து, "கண்டுபிடிச்சீங்களா?" என்பார். பிறகு அதே வித்தை மெதுவாக ஓடும். கடைசியில் விரல் எங்கே இருக்கவேண்டும், காசு எங்கே விழவேண்டும் என்ற விளக்கம் வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும்.

இந்த அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. முதல் பகுதி எடிட் செய்யப்பட்டது. எங்கோ ஒரு 'கட்' விழுந்திருக்கிறது. ரகசியம் அந்தக் கட்டுக்குள் போய்விட்டது. அப்படியானால் இரண்டாவதாக மெதுவாக ஓடுவது எது? நாம் முதலில் பார்த்த அதே டேக்கா, அல்லது விளக்குவதற்காகத் தனியே எடுத்ததா? காசை மறைத்தது கை என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, உண்மையில் மறைத்தது எடிட்டரின் கத்தரி என்றால், வீட்டில் உட்கார்ந்து பழகுகிறவன் எதைப் பழகுகிறான்? ஒரு மாதம் பழகி, பக்கத்து வீட்டுப் பையனுக்குச் செய்து காட்டி, அவன் உடனே "இடது கையில இருக்கு" என்று சொல்லும்போது தன் விரல்களைத்தான் நொந்துகொள்வான். வீடியோவைச் சந்தேகிக்கத் தோன்றாது.

கேமராவும் மேஜிக்கும் சேர்ந்த நாளிலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. பாரிஸில் ராபேர்-ஊதேன் மேஜிக் அரங்கை 1888-இல் வாங்கி நடத்திவந்த ஜார்ஜ் மெலியெஸ், 1896-இல் ஒரு சிறு படம் எடுத்தார். நாற்காலியில் அமர்ந்த பெண்ணைத் துணியால் மூடுகிறார். துணியை எடுத்தால் பெண் இல்லை. இது புவாத்தியே டி கோல்ட்டா என்ற வித்தைக்காரர் பத்தாண்டுகளுக்கு முன் மேடையில் அறிமுகப்படுத்திய வித்தை. மேடையில் அதற்குத் தரையில் ஒரு கதவு வேண்டும். தரையில் கதவே இல்லை என்று நம்பவைக்க நாற்காலிக்குக் கீழே ஒரு செய்தித்தாளை விரிப்பார்கள்; ஆள் இறங்குவதற்கான வழி அந்தச் செய்தித்தாளிலேயே இருக்கும். மெலியெஸுக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. கேமராவை நிறுத்தினார், பெண் எழுந்து போனார், கேமரா மறுபடி ஓடியது. ஆனாலும் செய்தித்தாளை மட்டும் விடாமல் விரித்தார். இல்லாத கதவை இல்லையென்று நிரூபித்தார்! மேடைப் பார்வையாளனின் சந்தேகத்தைப் படத்துக்குள்ளும் கொண்டுவந்தால்தான் அது வித்தையாகத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேமராவை நிறுத்தி ஓட்டினால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எஞ்சியிருக்கும் பிரதிகளை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். மறையும் இடங்களிலெல்லாம் ஃபிலிம் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. கையால் சுழற்றும் கேமரா நின்று மறுபடி வேகம் பிடிக்கும்போது சில ஃபிரேம்களில் ஒளி கூடுதலாக விழும். கையின் நிலையும் கொஞ்சம் பிசகும். மெலியெஸ் அந்த ஃபிரேம்களைக் கழித்துவிட்டு, அசைவு அசைவோடு பொருந்தும்படி ஒட்டினார். இன்று ஒரு பையன் செல்போனில் விரலால் இழுத்துச் செய்வதும் இதே வேலைதான். நம்மூரில் 'மாயாபஜார்' (1957) படத்தில் மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா செய்த மாயங்களும் இந்த வழியில் வந்தவையே. ஆனால் சினிமா எதையும் கற்றுத்தருவதாகச் சொல்லவில்லை. கடோத்கஜனின் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் லட்டைப் பறக்கவிட முயலவில்லை.

தொலைக்காட்சி வந்தபோது வித்தைக்காரர்களுக்கு இந்தப் பயம் உடனே பிடித்தது. வீட்டில் பார்ப்பவன் எதைப் பார்த்தாலும் "கேமரா வேலை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவான். அமெரிக்காவில் 1960-இல் தொடங்கிய 'மேஜிக் லேண்ட் ஆஃப் அல்லகாஸாம்' தொடரில் மார்க் வில்சன் இதற்கு ஒரு பதில் வைத்தார். நேரில் பார்வையாளர்களை உட்காரவைத்தார். வித்தை நடக்கும்போது கேமராத் தந்திரம் ஏதுமில்லை என்று நேயர்களுக்கு வாக்குக் கொடுத்தார். கட் செய்யாமல் இருப்பதே அங்கே நேர்மைக்கு அடையாளமாயிற்று. டிவி மேஜிக்குக்கு அது நெடுங்காலம் எழுதப்படாத சட்டம்போல இருந்தது.

கட் என்பது எடிட்டிங் மேஜையில்தான் விழவேண்டும் என்றில்லை. 1956 ஏப்ரல் 9 அன்று பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சியில் நம் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை மேஜையில் படுக்கவைத்து, வட்ட ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். நேரடி ஒளிபரப்பு. அறுத்து முடித்தாயிற்று, அந்தப் பெண் எழுந்து வரவேண்டும். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று தொகுப்பாளர் குறுக்கே வந்து விடைபெற்றுவிட்டார். பெண் செத்தேபோனாள் என்று நினைத்த நேயர்கள் பி.பி.சி.க்கு ஃபோன்மேல் ஃபோனாகப் போட்டார்கள். சர்க்கார் நேரத்தைத் திட்டமிட்டே கடந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. எப்படியானாலும், வித்தையின் கடைசிப் பகுதியை வெட்டியதால் வித்தை பல மடங்கு பெரிதாகிவிட்டது. காட்டியதைவிடக் காட்டாமல் விட்டது வேலை செய்தது.

1997-இல் டேவிட் பிளெய்னின் தெரு மேஜிக் நிகழ்ச்சி அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது, கட் கூடாது என்ற அந்த எழுதப்படாத சட்டம் மெல்லத் தளர்ந்தது. அவர் நடைபாதையில் தரையிலிருந்து எழும்பிக் காட்டினார். அங்கே நின்றவர்கள் பார்த்தது பால்டூச்சி முறை. பார்ப்பவர்களுக்குச் சாய்கோணத்தில் முதுகைக் காட்டி நின்று, அருகிலிருக்கும் பாதத்தால் தூரப் பாதத்தின் முன்பகுதியை மறைத்து, அந்த முன்பகுதியால் மட்டும் உடலைத் தூக்குவது. சில அங்குலம்தான் எழும்பமுடியும். அதுவும் சில விநாடிகள்தான். ஆனால் வீட்டில் பார்த்தவர்களுக்கு இன்னும் உயரமாக எழுவது தெரிந்தது. தெருவில் நின்றவர்கள் வாயைப் பிளந்தது உண்மை; அதோடு ஒட்டப்பட்ட உயரமான ஷாட் கம்பி கட்டித் தனியே எடுத்தது என்பதே மேஜிக் உலகில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதிர்ந்த முகத்தையும் வேறொரு வித்தையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் நம் மனம் இரண்டையும் முடிச்சுப்போட்டுக்கொள்ளும். அந்த நாளில் பால்டூச்சி முறையைக் கற்றுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற இளைஞர்கள், டிவியில் கண்ட உயரம் தங்களுக்கு வராமல் போனது ஏன் என்று நிறையவே யோசித்திருப்பார்கள்.

இத்தனை உதாரணங்களிலும் மறைப்பு மட்டும் இருக்கிறது, விளக்கம் இல்லை. மறைத்துவிட்டுப் பிறகு காட்டும் முறைக்கு நல்ல மாதிரி பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் 2007-இல் வெளியிட்ட 'நிறம் மாறும் சீட்டு வித்தை' வீடியோ. வைஸ்மனும் ஒரு பெண்ணும் மேஜையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர் நீல முதுகுச் சீட்டுக்கட்டை விரிக்கிறார். அவள் ஒரு சீட்டை எடுக்கிறாள். கடைசியில் அந்தச் சீட்டு மட்டும் நீலமாக இருக்க மற்றவையெல்லாம் சிவப்பு முதுகாக மாறிவிடுகின்றன. சாதாரண வித்தைதான். அதன்பிறகுதான் விஷயம். அந்த நேரத்துக்குள் வைஸ்மனின் சட்டை நிறம் மாறியிருக்கிறது, அந்தப் பெண்ணின் உடை மாறியிருக்கிறது, மேஜை விரிப்பு மாறியிருக்கிறது, பின்னால் தொங்கும் திரையும் மாறியிருக்கிறது. நான்கையும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கேமரா சீட்டின்மேல் நெருங்கிப் போகும்போதெல்லாம் சட்டத்துக்கு வெளியே அவர்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். மறுகாட்சியில் அகலமான கோணம் வைத்து அந்த ஓட்டத்தையெல்லாம் காட்டுகிறார்.

இந்த வீடியோவின் சிறப்பு மறுகாட்சியில் இருக்கிறது. அது மெதுவாக ஓடவில்லை, அகலமாக ஓடுகிறது. எடுத்தது ஒரே நிகழ்வுதான். நெருங்கிய கேமரா எதை விட்டுவிட்டதோ அதை எட்டி நின்ற கேமரா பிடித்துவைத்திருக்கிறது. பார்த்தவனுக்கு ஏமாந்ததும் புரிகிறது, ஏன் ஏமாந்தோம் என்பதும் புரிகிறது. டுடோரியல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் எடுத்துக்கொள்ளவேண்டிய இலக்கணம் இதுதான் என்பது என் கருத்து. அதாவது, மறுகாட்சி முதல் காட்சியின் சாட்சியாக இருக்கவேண்டும். வேறொரு நாள் எடுத்த டேக்குக்குச் சாட்சி சொல்லத் தகுதியில்லை.

சரி, கட் எந்த இடத்தில் விழலாம்? இதற்குப் பதில் கண்ணைப் பற்றிய ஆய்வுகளில் இருக்கிறது. குஸ்டாவ் கூன், மைக்கேல் லாண்ட் இருவரும் 2006-இல் ஒரு பழைய பந்து வித்தையைச் சோதித்தார்கள். பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடித்து, மூன்றாவது முறை எறிவதாகப் பாவனை மட்டும் செய்வது. செய்பவர் தன் முகத்தை மேல்நோக்கித் திருப்பினால், பார்த்தவர்களில் 68 சதவீதத்தினர் பந்து மேலே போய் மறைந்ததாகச் சொன்னார்கள். பந்தை ஒளித்த கையையே அவர் பார்த்தால் அது 32 சதவீதமாகக் குறைந்தது. பார்த்தவர்களின் கண் அசைவையும் பதிவு செய்தபோது, போகாத பந்தைத் தேடி கண்கள் மேலே போகவில்லை. செய்பவரின் முகத்துக்குத்தான் போயின. கை செய்ததைவிட முகம் செய்தது அதிகம்.

இன்னொன்று, கட் விழுந்ததே பலருக்குத் தெரிவதில்லை என்பது. டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் இருவரும் 2008-இல் சினிமாத் துணுக்குகளைக் காட்டி, கட் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஓர் அசைவின் நடுவில் வெட்டி அதே அசைவில் அடுத்த ஷாட்டைத் தொடர்ந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டுகளை, அதையே தேடிக்கொண்டிருந்தவர்களும் தவறவிட்டார்கள். மேஜிக் எடிட்டர்கள் கை நகரும்போது வெட்டுவது இதனால்தான். ஒலியையும் இதோடு சேர்க்கவேண்டும். பேச்சு இடையறாமல் ஓடினால், காட்சியும் இடையறாமல் ஓடுவதாகவே காது நமக்குச் சொல்லிவிடும்.

ஆக, நேரில் பார்ப்பவனின் கண் தானாகவே எங்கே போயிருக்குமோ அங்கே கட் போகலாம். அவன் கண் போகாத இடத்தில் நடந்ததை மறைக்கலாம். அவன் நேரில் இருந்தால் நிச்சயம் கண்டுபிடித்திருக்கக்கூடியதைக் கட் மறைக்குமானால், அந்த வீடியோ சினிமாவாகிவிட்டது, பாடம் இல்லை. இந்த அளவுகோலை ஒரு சின்ன வித்தையில் வைத்துப் பார்ப்போம்.

காசை மறைக்கும் ஆதி முறைகளில் ஒன்று ஃப்ரெஞ்ச் டிராப். இடது கையின் கட்டைவிரல் நுனிக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் நடுவில் காசைப் படுக்கைவாட்டில் பிடிக்கவேண்டும். உள்ளங்கை மேல்நோக்கி, விரல்களின் வெளிப்பக்கம் பார்ப்பவரை நோக்கி. வலது கை அதை எடுக்க வருகிறது. வலது கட்டைவிரல் காசுக்கு அடியிலுள்ள இடைவெளிக்குள் நுழைகிறது. மற்ற விரல்கள் காசுக்கு முன்னால் திரைபோல வருகின்றன. அந்தக் கணத்தில் இடது கட்டைவிரல் தளர, காசு இடது விரல்களின் அடிப்பக்கத்தில் விழுகிறது. வலது கை எடுத்ததுபோல மூடிக்கொண்டு விலகுகிறது. பார்வை அதோடு போகிறது. இடது கை எந்த அவசரமும் இல்லாமல் தளர்ந்து இறங்குகிறது.

காசுக்குப் பத்து ரூபாய் நாணயம் பொருத்தம். 27 மில்லிமீட்டர் விட்டம். பிடிக்கவும் வரும், கேமராவிலும் தெரியும். அமெரிக்க வித்தைக்காரர்கள் விரும்பும் அரை டாலரைவிடச் சற்றுச் சிறியது. நம் வித்தைக்கு இரண்டு நாணயம் வேண்டும். ஒன்று முன்கூட்டியே கவிழ்த்த எவர்சில்வர் டம்ளருக்கு அடியில் இருக்கும். இரண்டும் ஒரே வடிவமைப்பில், ஒரே ஆண்டில் அச்சானதாக இருக்கவேண்டும். பத்து ரூபாய் நாணயத்தில் 14 வடிவமைப்புகள் வெளியாகியிருப்பதாக ரிசர்வ் வங்கியே 2018-இல் சொல்லியிருக்கிறது. கையிலிருந்த காசில் ஒரு படமும் டம்ளருக்கு அடியில் வேறு படமும் இருந்தால், வீடியோவை நிறுத்திப் பார்க்கும் முதல் ஆளே பிடித்துவிடுவான். டம்ளருக்கு அடியில் மெல்லிய துணி விரிக்கவேண்டும்; இல்லையென்றால் கை பட்டதும் உள்ளே காசு கலகலக்கும்.

ஸ்கிரிப்ட் இப்படி அமையும்.

முதல் ஷாட், மேஜைக்கு எதிரே, இடுப்புக்கு மேல். முகம், இரு கைகள், டம்ளர் மூன்றும் தெரியவேண்டும். "பத்து ரூபாய். ஒண்ணே ஒண்ணு." காசைக் காட்டுதல்.

இரண்டாவது ஷாட், சற்று நெருங்கி, ஆனால் முகத்தை விடாமல். ஃப்ரெஞ்ச் டிராப் முழுவதும் இந்த ஒரே ஷாட்டில் நடக்கும். உள்ளே கட் இல்லை. "இத இந்தக் கையில வச்சுக்கிறேன்... மூடுறேன்..." வலது கை மூடியபடி டம்ளருக்கு மேலே போகிறது. விரல்களைத் தேய்த்தபடி திறக்கிறது. வெறுங்கை.

மூன்றாவது ஷாட், டம்ளருக்கு நெருக்கமாக. வலது கை டம்ளரைத் தூக்கத் தொடங்கும் அசைவின் நடுவிலேயே இங்கே வெட்டு. "போனது எங்கேன்னா..." என்ற பேச்சு இரண்டாவது ஷாட்டில் தொடங்கி மூன்றாவதற்குள் ஓடிவரும். டம்ளர் எழுகிறது, காசு.

இந்த மூன்றாவது ஷாட்டின்போது, சட்டத்துக்கு வெளியே, இடது கை மேஜை விளிம்புக்குக் கீழே இறங்கி ஒளித்த காசை மடியில் போட்டுவிட்டு வெறுங்கையாகத் திரும்புகிறது. எடிட் மறைத்தது இதை மட்டும்தான். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாலும் டம்ளர் எழும் கணத்தில் அவன் கண் டம்ளரில்தான் இருக்கும். இடது கையை அவன் பார்க்கமாட்டான். கட் அவன் கண்ணின் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே இது நேர்மையான கட். இதற்கு மாறாக, வலது கை மூடியதும் வெட்டி, காசையே எடுத்துவிட்டு, மறுபடி கேமராவை ஓட்டி வெறுங்கையைத் திறந்து காட்டியிருந்தால்? திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இன்னும் சுத்தமாகக்கூடத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு வரும் ஃப்ரெஞ்ச் டிராப் விளக்கம் நடக்காத ஒன்றின் விளக்கம்.

இப்போது மெதுவான மறுகாட்சி. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். எடிட்டிங் ஆப்பில் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் ஸ்லோ மோஷன் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இடது கட்டைவிரல் தளர்ந்ததும் காசு விழும் தூரம் மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரம் விழ 0.08 விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் போதும். விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில் அது இரண்டு ஃபிரேம், மிஞ்சிப்போனால் மூன்று. அதை நான்கு மடங்கு மெதுவாக்கினால் அந்த இரண்டு ஃபிரேம்கள் கொஞ்ச நேரம் அதிகமாக நிற்குமே தவிர, நடுவில் நடந்தது எதுவும் புதிதாகப் பிறந்துவிடாது. சில ஆப்கள் நடு ஃபிரேம்களைத் தாமே கற்பித்து நிரப்பும். அப்போது காசு பாதிப் புகையாக விரலோடு கலந்து தெரியும். கற்பவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஃபோனின் ஸ்லோ மோஷன் பதிவில் விநாடிக்கு 240 ஃபிரேம் எடுத்தால் அதே விழுதல் 19 ஃபிரேம்களாகும். 30 ஃபிரேம் வேகத்தில் ஓடவிட்டால் அரை விநாடிக்கு மேல் நீளும். கட்டைவிரல் தளர்வது, காசு சாய்வது, விரலில் படுவது எல்லாம் தனித்தனியே தெரியும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் விநாடியில் 240-இல் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் கிடைக்காது. சாயங்கால அறை போதாது. டியூப் லைட்டைப் போட்டால் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு 240 ஃபிரேமில் படத்தில் பட்டைபட்டையாக ஓடும். விலை குறைந்த எல்.இ.டி. பல்பும் அப்படித்தான். காலை வெயில் ஜன்னல் வழியே பரவலாக விழும் நேரமே இதற்கு உகந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் 240-இல் எடுத்துவிட்டு முதல் காட்சியை அதிலிருந்தே முழு வேகத்தில் ஓட்டிவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரியாக வராது. சாதாரணப் பதிவில் ஷட்டர் ஐம்பதில் ஒரு விநாடி திறந்திருந்தால், விழும் காசு அதற்குள் ஒரு சென்டிமீட்டர் அளவு நகர்ந்துவிடும். படத்தில் அது ஒரு கீற்றாக மங்கும். கண்ணுக்கும் அப்படித்தான் மங்கும். 240-இல் எடுத்தது கத்திபோலக் கூர்மை. அதை முழு வேகத்தில் ஓட்டினால் அசைவு விட்டுவிட்டுத் துள்ளும், விழும் காசும் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆகவே இரண்டு ஃபோன் வேண்டும். ஒன்று எதிரே சாதாரண வேகத்தில். இன்னொன்று செய்பவரின் தோளுக்குப் பின்னால், சற்று அகலமாக, மடியும் தெரியும்படி 240-இல். இரண்டையும் ஓடவிட்டு ஒருமுறை கைதட்டினால், எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். ஒரே டேக், இரண்டு சாட்சிகள்.

தோளுக்குப் பின்னால் கேமராவை வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிரே வைத்த கேமராவில் செய்பவரின் இடது கை நமக்கு வலப்பக்கம் தெரியும். செல்ஃபி கேமராவில் சில ஃபோன்கள் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பியும் பதியும். எந்தக் கை எது என்று கற்பவன் குழம்பிப்போவான். தோள் கோணத்தில் அவன் கையும் திரையிலுள்ள கையும் ஒரே பக்கம் இருக்கும்.

இவ்வளவும் செய்தாலும் ஸ்லோ மோஷன் சொல்லாத ஒன்று பாக்கியிருக்கிறது. மெதுவாகப் பார்க்கும்போது ஃப்ரெஞ்ச் டிராப் ஏமாற்றவே முடியாத வித்தையாகத் தெரியும். "இவ்வளவு பச்சையாத் தெரியுதே, இதுல எப்படி ஏமாந்தோம்?" என்று தோன்றும். காரணம், மெதுவாக்கும்போது கவனத் திருப்பம் செத்துவிடுகிறது. பார்வை எந்தக் கையோடு போகிறது, பேச்சில் எந்தச் சொல்லின்போது காசு விழுகிறது, இடது கை எப்போது தளர்கிறது என்பதெல்லாம் முழு வேகத்தில் மட்டுமே உயிரோடு இருப்பவை. கூன், லாண்ட் ஆய்வை நினைத்துக்கொண்டால், முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் நெருக்கமாகக் காட்டும் மறுகாட்சி பாதிப் பாடம்தான். முக்கியமான பாதி அதில் இல்லை.

வித்தைக்கார இரட்டையர் பென் அண்ட் டெல்லர் இதற்கு நல்ல வழி கண்டார்கள். டெல்லர் மேடையில் ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைக்கிறார், கீழே போட்டு மிதிக்கிறார். அவ்வளவுதான், ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு மறுபக்கம் திரும்பி நின்று அதையே மறுபடி செய்கிறார். பென் வர்ணனை சொல்கிறார். ஒளித்தல், கழித்தல், திருட்டாக எடுத்தல், ஏற்றல், பாவனை, கவனத் திருப்பம், மாற்றல் என்று ஏழு உத்திகள் அந்தச் சில விநாடிகளுக்குள் நடந்திருப்பது அப்போதுதான் தெரிகிறது. அவர்கள் மாற்றியது வேகத்தை அல்ல, பார்வைக் கோணத்தை. ரகசியம் தெரிந்த பிறகும் டெல்லரின் கையை ரசிக்கமுடிகிறது என்பதே இதற்குக் கிடைத்த வெற்றி.

ஆகவே நம் ஸ்கிரிப்டில் ஸ்லோ மோஷனுக்குப் பிறகு விளக்கம், விளக்கத்துக்குப் பிறகு மறுபடி ஒருமுறை முழு வேகத்தில் எதிர்க் கோணம், இந்த முறை கட் இல்லாமல். விளக்கத்தில் சொல்லவேண்டிய பிழைகள் சிலவே. வலது கட்டைவிரல் இடைவெளிக்குள் நுழையாமல் வெளியே நின்றால், எடுப்பதுபோலத் தெரியாது, தொடுவதுபோலத் தெரியும். காசு விழுந்ததும் இடது கை சிலைபோல உறைந்தால் பார்ப்பவன் கண் அங்கேதான் போகும். மோதிரம் போட்டிருந்தால் காசு அதில் இடித்துச் சத்தம் கொடுக்கும், கழற்றிவிடவேண்டும். எல்லாவற்றிலும் மோசமானது, செய்பவரே இடது கையை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வது. இதைத் திருத்த ஒரு வழி உண்டு. முதலில் காசை உண்மையாகவே வலது கையில் எடுத்து அதை ஃபோனில் பதியவேண்டும். பிறகு பொய்யாக எடுத்துப் பதியவேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கவேண்டும். உண்மையாக எடுக்கும்போது உங்கள் கண் எங்கே போகிறது, வலது முஷ்டி எவ்வளவு இறுகுகிறது என்று தெரிந்துகொண்டால், பொய்யிலும் அதையே செய்யலாம். பலர் பொய்யை மட்டும் பழகுகிறார்கள். எதைப்போல நடிக்கிறோம் என்று பார்ப்பதேயில்லை.

ரகசியத்தை இப்படிப் போட்டு உடைக்கலாமா என்ற கேள்வி மேஜிக்காரர்களிடம் எப்போதும் உண்டு. 1997-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வால் வாலண்டினோ முகமூடி அணிந்துகொண்டு பெரிய மேடை வித்தைகளின் ரகசியங்களை வெளியிட்டபோது பெரும் சண்டையே நடந்தது. ஆனால் காசு மறைக்கும் முறைகள் 1584-இலேயே அச்சேறிவிட்டன. சூனியக்காரிகள் என்று சொல்லி மக்களைக் கொல்வதை எதிர்த்த ரெஜினால்ட் ஸ்காட், செப்படி வித்தைகளின் சூட்சுமத்தைத் தம் ஆங்கில நூலில் விளக்கிவிட்டார். ஃப்ரெஞ்ச் டிராப்பைச் சொல்லிக்கொடுப்பதால் யார் பிழைப்பும் கெடாது. வாழும் ஒருவர் தானே உருவாக்கி மேடையில் செய்துவரும் வித்தை வேறு. டெல்லரின் 'ஷேடோஸ்' வித்தையைப்போலச் செய்து அதை விற்க வீடியோ போட்ட ஒருவருக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், 2014-இல் அமெரிக்க நீதிமன்றம் டெல்லர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் காப்புரிமை அந்த நாடகத்துக்குத்தான், அதற்குள் இருக்கும் ரகசிய வழிமுறைக்கு இல்லை. ரகசியத்தைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் ஏற்கவில்லை. அது சொல்லிக்கொடுப்பவரின் மனசாட்சிக்கே விடப்பட்டிருக்கிறது.

பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏதாவது ஒரு வித்தையைப் பழகத் தொடங்குமுன், முதல் காட்சியையும் மறுகாட்சியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யூடியூபை நிறுத்திவிட்டு விசைப்பலகையில் `.` அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், `,` அழுத்தினால் பின்னே வரும். மணிக்கட்டு வாட்ச் எத்தனை மணி காட்டுகிறது, சட்டைக் கை மடிப்பு எங்கே நிற்கிறது, காசில் சிங்கமுகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சுவரில் விழும் மின்விசிறி நிழல் கட்டுக்கு முன்னும் பின்னும் தொடர்கிறதா என்று பாருங்கள். வாட்சில் பத்து நிமிடம் ஓடியிருந்தால், மறுகாட்சி வேறு டேக். காசு கண்ணுக்கு மறையும் அந்த ஒரு கணத்தில் கட் விழுந்திருந்தால், அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிக்கலாம், பழகவேண்டாம்.